மெயின் ஆஃப், பூட்டும் போட்டாச்சு. பிறகும் பேனலில் ஷாக் அடித்தது எப்படி?

ஷாக் அடித்த நேரத்தில் அந்தப் பேனலின் மெயின் பிரேக்கரான எம்சிசிபி ஆஃபில்தான் இருந்தது. கைப்பிடியில் பூட்டு தொங்கியது, சாவி வேலை செய்தவரின் சட்டைப்பையில் இருந்தது. மீட்டர் வைத்து டெஸ்டும் பண்ணியிருந்தார்கள், வைத்த இடத்திலெல்லாம் பூஜ்யம். அந்த ரீடிங்கிலும் பிழை இல்லை. டெஸ்ட் பண்ணிய நிமிடத்தில், பின்னால் ஷாக் அடித்த வயரிலும் நிஜமாகவே சப்ளை கிடையாது. அதனால்தான் இதை விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. "ஆஃப் பண்ணாமல் கை வைத்தார், அடித்தது" என்பதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

ஒரே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு பம்புகள். இரண்டுக்கும் 11 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், தனித்தனிப் பேனல், மெயின் போர்டிலிருந்து தனித்தனி ஃபீடர். கன்ட்ரோல் சப்ளை 230 வோல்ட்; அதை ஒவ்வொரு பேனலும் தன் சொந்த இன்கமரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒன்றாம் பம்பு ஓடாமல் நின்றால் இரண்டாம் பம்பு தானாக ஓடவேண்டும் என்பதற்காக இரண்டு பேனலுக்கும் நடுவே ஒரு கன்ட்ரோல் கேபிள் ஓடுகிறது. ஆபத்து வந்தது அந்தக் கேபிள் வழியாகத்தான்.

அந்த இன்டர்லாக்கின் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். இரண்டாம் பேனலின் கன்ட்ரோல் ஃபேஸ், அங்குள்ள மேனுவல்-ஆட்டோ செலக்டர் சுவிட்சின் ஆட்டோ காண்டாக்ட் வழியாக வெளியே வருகிறது. கேபிளின் ஒரு கோரில் ஒன்றாம் பேனலின் 31-ஆம் டெர்மினலுக்கு வந்து, அங்கிருந்து ஒன்றாம் பம்பின் மெயின் காண்டாக்டரில் உள்ள, ஓய்வில் மூடியிருக்கும் என்சி ஆக்ஸிலரிக்கு, அதாவது 21, 22 என்று எண் போட்ட காண்டாக்டுக்குப் போகிறது. அதைக் கடந்து 32-ஆம் டெர்மினல் வழியாக இரண்டாம் பேனலுக்கே திரும்பி, தொட்டியின் லெவல் சுவிட்சைத் தாண்டி, ஸ்டார்ட் ரிலேயின் காயிலுக்குச் சேர்கிறது. ஒன்றாம் பம்பு ஓடும்போது என்சி திறந்திருக்கும், இரண்டாவது பம்பு சும்மா இருக்கும். ஒன்றாவது நின்றால் என்சி மூடும். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருந்தால் இரண்டாவது ஓடத் தொடங்கும்.

வயரிங்கில் தப்பு எதுவும் இல்லை. பல வருடம் சரியாக வேலை செய்த சர்க்யூட்தான். ஆனால் ஒன்றாம் பேனலுக்குள் இருக்கும் 31-ஆம் டெர்மினலுக்கும் அந்தப் பேனலின் எம்சிசிபிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது இரண்டாம் பேனலின் சொத்து. இடம் மட்டும்தான் இங்கே.

நடந்த வரிசை

ஒன்றாம் பம்பின் மெயின் காண்டாக்டர் இரைச்சல் போட்டது, முனைகள் கருகியிருந்தன. மாற்றுவதென்று முடிவு. தொட்டியில் தண்ணீர் குறையக்கூடாது என்பதால் முதலில் இரண்டாம் பேனலின் செலக்டரை மேனுவலில் வைத்து அந்தப் பம்பை ஓடவிட்டார் ஆபரேட்டர். பிறகு ஒன்றாம் பம்பை நிறுத்தி, எம்சிசிபியை ஆஃப் செய்து, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, டேக் மாட்டினார் டெக்னீஷியன். கதவைத் திறந்து கன்ட்ரோல் எம்சிபியையும் இறக்கினார். எம்சிசிபியின் அவுட்கோயிங் பக்கத்தில் மூன்று ஃபேஸுக்கும் இடையிலும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மீட்டர் வைத்தார். பூஜ்யம். காண்டாக்டரின் மேல் டெர்மினல்களிலும் பூஜ்யம்.

இதுவரை பலரும் செய்வதைவிட ஒழுங்காகவே செய்திருக்கிறார். 31, 32-இல் மட்டும் மீட்டர் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் பூஜ்யம்தான் வந்திருக்கும். இரண்டாம் பேனல் மேனுவலில் இருந்ததால் ஆட்டோ காண்டாக்ட் திறந்திருந்தது. இன்டர்லாக் கோருக்குள் ஃபேஸ் வரவே இல்லை.

பவர் வயர்களைக் கழற்றினார். ஆக்ஸிலரியின் இரண்டு வயர்களையும் ஃபெரூல் எண்ணைக் குறித்துக்கொண்டு கழற்றி, முனையை அப்படியே தொங்கவிட்டார். பழைய காண்டாக்டர் வெளியே வந்தது.

இதற்கிடையே தொட்டி நிரம்பிவிட்டது. ஆபரேட்டர் இரண்டாம் பம்பை நிறுத்தி, இனி லெவல் சுவிட்ச் பார்த்துக்கொள்ளட்டும் என்று செலக்டரை ஆட்டோவுக்குத் திருப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவருடைய அன்றாட வேலை, அந்தப் பேனலில் எந்த டேக்கும் இல்லை. செலக்டரைத் திருப்பிய அந்த நொடியில், அடுத்த பேனலுக்குள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயர் முனைக்கு 230 வோல்ட் வந்து சேர்ந்தது. வெளியே எந்த அடையாளமும் தெரியவில்லை. பம்பு ஓடவில்லை, சத்தம் இல்லை, பார்ப்பவருக்கு இரண்டு பேனலுமே அமைதியாக நிற்பதுபோல்தான் இருந்தது.

புதிய காண்டாக்டரை டின் ரெயிலில் மாட்டிவிட்டு, இடது கையால் மவுண்டிங் பிளேட்டின் விளிம்பைப் பிடித்தபடி, வலது கை ஆள்காட்டி விரலால் வயரின் பின் லக்கை 21-ஆம் டெர்மினலுக்குள் தள்ளினார். அடித்தது.

விரல் நுனியால் தள்ளினாரே தவிர, வயரை முழுக்கையால் பிடிக்கவில்லை. கை வெட்டி இழுத்ததில் தொடர்பு அறுந்தது, முழங்கை கதவு விளிம்பில் மோதிக் காயம். வயரைப் பொத்திப் பிடித்திருந்தால் விரல்கள் இன்னும் இறுகியிருக்கும். ஏசி மின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் பலருக்குப் பிடியை விட முடியாமல் போகிறது. 230 வோல்ட்டுக்கு ஒரு கையிலிருந்து மறுகைக்கு உடலின் தடை 2000 ஓம் என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும் 115 மில்லிஆம்பியர் ஓடும். வியர்த்த கை என்றால் தடை இன்னும் குறையும். போகும் வழியோ நெஞ்சு.

இரண்டாம் பேனலின் கன்ட்ரோல் எம்சிபி ஏன் டிரிப் ஆகவில்லை என்று பிறகு ஒருவர் கேட்டார். 4 ஆம்பியர் எம்சிபிக்கு 0.115 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது வயரைக் காப்பாற்ற வைத்தது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்திருந்தால் டிரிப் ஆகியிருக்கும். ஆனால் மோட்டார் பேனலின் கன்ட்ரோல் லைனில் அதை யாரும் வழக்கமாகப் போடுவதில்லை.

உதவிக்கு நின்றவர் செய்ததைத் தனியாகச் சொல்லவேண்டும். ஷாக் என்று தெரிந்ததும் மெயினை இறக்க ஓடினார். மெயின் ஏற்கெனவே ஆஃப். அதற்கு மேல் எதை ஆஃப் பண்ணுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டெக்னீஷியனின் கை வயரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குழப்பத்தில் போகும் நொடிகள் உயிரைக் குடித்திருக்கும். வெளிச் சப்ளை இருக்கக்கூடிய பேனலில் வேலை தொடங்கும் முன், எந்த ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லாம் போகும் என்பதை உடன் நிற்பவருக்குக் காட்டிவைப்பது அதற்காகத்தான். இங்கே அது மெயின் போர்டின் இன்கமர், இரண்டு பேனலுக்கும் பொதுவானது.

கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் கையிலிருந்து கைக்குப் பாய்ந்த ஷாக் என்பதால் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈசிஜி எடுத்தார்கள். அது சரியான முடிவு. நெஞ்சு வழியாக மின்சாரம் போனவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

பூஜ்யம் என்பது அந்த நேரத்து நிலை

மீட்டரில் பூஜ்யம் வந்தால் "இப்போது வோல்டேஜ் இல்லை" என்று மட்டும்தான் அர்த்தம். "இனி வராது" என்று சொல்வது பூட்டு. அந்த வயருக்குச் சப்ளை எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே பூட்டு இல்லையென்றால், எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினாலும் அடுத்த நிமிடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. லெவல் சுவிட்ச், டைமர், பிரஷர் சுவிட்ச், பிஎல்சி அவுட்புட், இன்னொருவர் திருப்பும் செலக்டர் என்று எது வேண்டுமானாலும் அந்த வயரை உயிர்ப்பிக்கும்.

ஆகவே ஐசோலேஷன் என்பது பேனலின் மெயினைத் தேடுவதில் தொடங்கக்கூடாது; பேனலுக்குள் வரும் கேபிள்களை எண்ணுவதில் தொடங்கவேண்டும். கிளாண்டு பிளேட்டைப் பார்த்தாலே போதும். இந்தப் பேனலில் கீழே ஐந்து கேபிள்கள். ஒன்று இன்கமிங். இரண்டு மோட்டாருக்குப் போகும் மூன்று கோர் கேபிள்கள், ஸ்டார்-டெல்டா என்பதால். நான்காவது, வெளியே இருக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் பொத்தானுக்கு. ஐந்தாவது நான்கு கோர் கன்ட்ரோல் கேபிள், இரண்டாம் பேனலுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: மறுமுனையில் சப்ளை இருக்க வாய்ப்பு உண்டா? மோட்டார் கேபிளுக்கு இல்லை. பொத்தான் கேபிளில் போவது இந்தப் பேனலின் சொந்த ஃபேஸ், கன்ட்ரோல் எம்சிபியோடு போய்விடும். ஐந்தாவதுக்கு "தெரியாது" என்றோ "உண்டு" என்றோ பதில் வந்தால் அதன் மறுமுனைக்கு நடக்கவேண்டும். டிராயிங் இருந்தால் வேலை சுலபம். ஆனால் இன்டர்லாக் பெரும்பாலும் பின்னால் சேர்த்ததாக இருக்கும், டிராயிங்கில் ஏறியிருக்காது. கேபிள் பொய் சொல்லாது.

இந்தப் பேனலில் ஸ்பேஸ் ஹீட்டர் இல்லை. இருந்தால் அதையும் பார்க்கவேண்டும்; பம்பு நின்றிருக்கும்போது மோட்டாருக்குள் ஈரம் சேராமலிருக்க வைக்கும் ஹீட்டருக்குத் தனிச் சப்ளை வருவது சகஜம். பம்பு நின்றதும்தான் அது ஆன் ஆகும், கவனிக்கவும்.

ஐந்தாவது கேபிளை எப்படி ஐசோலேட் செய்வது? இரண்டாம் பம்பும் சிறிது நேரம் நிற்கலாம் என்றால், இரண்டாம் பேனலின் கன்ட்ரோல் எம்சிபியை இறக்கி, அதன் நெம்புகோலில் மாட்டும் பூட்டுக் கிளிப்பைப் போட்டு, டேக் தொங்கவிடுவது. பம்பு நிற்கக்கூடாது என்றால், இரண்டாம் பேனலை முதலில் சிறிது நேரம் ஆஃப் செய்து பூட்டி, சப்ளை இல்லை என்று டெஸ்ட் செய்து, அங்கேயே இன்டர்லாக்கின் இரண்டு கோர்களையும் டெர்மினலிலிருந்து கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் மூடி போடவேண்டும். அந்த டெர்மினல்களையும் டேப் அல்லது கவரால் மறைக்கவேண்டும், ஏனென்றால் ஆட்டோவுக்குத் திருப்பினால் ஃபேஸ் அங்கேயே நிற்கும். பிறகு பேனலை மூடி, பம்பை மேனுவலில் ஓட்டலாம். செலக்டரில் "ஆட்டோவுக்குத் திருப்பாதே" என்று டேக் மாட்டுவதோடு நிறுத்துவது ஐசோலேஷன் ஆகாது. டேக் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

கழற்றிய வயர் முனையைத் தொங்கவிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செத்த வயர் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு சிறு ஸ்லீவ் அல்லது டேப் போட்டால் அரை நிமிடம் செலவாகும். இந்தச் சம்பவத்தில் அது ஷாக்கை முழுதாகத் தடுத்திருக்காது, திரும்ப மாட்டும்போது எப்படியும் முனையைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறக்கும்போது மறுபடி டெஸ்ட் பண்ணவேண்டும் என்ற நினைப்பு வந்திருக்கும். வேலையை விட்டுவிட்டு வந்தாலும், வெளியே ஏதாவது மாறியிருக்கக்கூடும் என்றாலும், மறுபடி டெஸ்ட் செய்யாமல் தொடக்கூடாது.

எதை எதோடு வைத்து அளப்பது

முதலில் மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யவேண்டும். சப்ளை இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை இடத்தில் அளந்து, மறுபடி அதே சப்ளையில் வைத்துப் பார்க்கவேண்டும். நடுவில் மீட்டரின் ஃபியூஸோ லீடோ போயிருந்தால் மூன்றாவது படியில் தெரிந்துவிடும். எம்சிசிபியின் இன்கமிங் டெர்மினல் ஆஃபிலும் சப்ளையோடுதான் இருக்கும். அதன் கவரில் புரோப் நுழையும் துளை இருந்தால் அதற்கும் எர்த் பாருக்கும் இடையே அளக்கலாம். ஏறத்தாழ 230 காட்டினால் மீட்டரும் சரி, எர்த்தும் சரி என்று ஒரே அளவில் தெரிகிறது. கவரைக் கழற்றித்தான் தொடமுடியும் என்றால் வேண்டாம், பக்கத்தில் உள்ள சாக்கெட்டில் மீட்டரைச் சோதித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கன்ட்ரோல் டெர்மினல்கள் ஒவ்வொன்றையும் எர்த்தோடு வைத்து அளக்கவேண்டும். நியூட்ரலோடு அல்ல. நான்கு போல் எம்சிசிபி என்றால் ஆஃப் ஆகும்போது பேனலின் நியூட்ரலும் துண்டிக்கப்படுகிறது. எதனோடும் சேராமல் மிதக்கும் அந்த நியூட்ரலோடு வெளிச் சப்ளையை ஒப்பிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 31-ஐயும் 32-ஐயும் ஜோடியாக அளப்பதும் ஏமாற்றும். என்சி காண்டாக்ட் மூடியிருந்தால் இரண்டும் ஒரே ஃபேஸில் நிற்கும், இடையே பூஜ்யம். எர்த்தோடு அளந்தால் இரண்டிலும் 230.

இந்த இடத்தில் காண்டாக்டரின் ஆர்மேச்சரை இன்சுலேட்டட் குச்சியால் அழுத்திப் பிடித்து, இன்னொரு தடவை வரிசையாக அளப்பது நல்ல பழக்கம். ஓய்வில் இருக்கும்போது திறந்திருக்கும் என்ஓ காண்டாக்டுகள் அழுத்தினால் மூடும்; அவற்றின் ஒரு பக்கம் வெளிச் சப்ளை நின்றால் மறுபக்கமும் உயிர் பெறும். ஆனால் அழுத்தும் முன் மறுமுனையில் எந்த இயந்திரம் அதனால் ஓடத் தொடங்கும் என்று யோசிக்கவேண்டும். ஸ்டாண்ட்பை பம்பை அப்படித் தெரியாமல் ஸ்டார்ட் பண்ணிய கதைகள் நிறைய உண்டு.

டிஜிட்டல் மீட்டர் சில சமயம் 40, 60 வோல்ட் என்று காட்டும். பவர் கேபிளோடு ஒட்டி ஓடும் பயன்படாத கோரில் தூண்டப்படும் வோல்டேஜ் அது. மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவுக்கு அதிகம் என்பதால் அதையும் காட்டிவிடுகிறது. உள்தடை குறைந்த வோல்டேஜ் வரம்பு உள்ள மீட்டரிலோ, லோடு பொத்தான் உள்ள இரட்டை முனை வோல்டேஜ் டெஸ்டரிலோ பார்த்தால் அது சரிந்து பூஜ்யத்துக்கு வரும். நிஜ சப்ளை என்றால் சரியாது. அப்படிச் சோதிக்காமல் "சும்மா இண்டக்ஷன்" என்று தள்ளிவிடுவதுதான் ஆபத்து. நியான் டெஸ்டரையும் தொடாமல் உணரும் பேனா டெஸ்டரையும் இந்த வேலைக்கு நம்பக்கூடாது. அவை ஒளிர்ந்தால் சப்ளை இருக்கலாம் என்று எச்சரிக்கை. ஒளிராவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

பேனலில் பிறகு செய்த மாற்றம்

இன்டர்லாக் வயர்கள் இரண்டும் மற்ற கன்ட்ரோல் வயர்களைப் போலவே சிவப்பில் இருந்தன. இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60204-1 தரம், மெயினை ஆஃப் செய்த பிறகும் சப்ளை நிற்கும் இப்படிப்பட்ட வயர்களுக்கு ஆரஞ்சு நிறத்தைச் சொல்கிறது. கிளாண்டிலிருந்து 31, 32 வரையிலும் அங்கிருந்து ஆக்ஸிலரி வரையிலும் ஆரஞ்சு வயராக மாற்றினார்கள். அந்த இரண்டு சாதாரண டெர்மினல்களுக்குப் பதில் கத்தி போலத் திறக்கும் டிஸ்கனெக்ட் டெர்மினல்கள் வந்தன. அவற்றைத் திறந்தால் காண்டாக்டர் பக்கம் முழுவதும் வெளிச் சப்ளையிலிருந்து விடுபடும். கேபிள் பக்க முனை மட்டும் உயிரோடு இருக்கும், அதற்கு உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கவர். கவரில் "230 வோல்ட், பம்பு 2 பேனலின் கன்ட்ரோல் எம்சிபியிலிருந்து" என்று எழுதி ஒட்டினார்கள். வெறும் "அபாயம்" ஸ்டிக்கரால் எந்தப் பயனும் இல்லை. எங்கே போய் ஆஃப் பண்ணவேண்டும் என்பதை அது சொல்லவேண்டும்.

இதைவிட நல்ல தீர்வு, இன்டர்லாக்கை 24 வோல்ட் டிசியில் ஓட்டுவது. இரண்டாம் பேனலில் மெயினிலிருந்து முறையாகப் பிரிக்கப்பட்ட ஒரு சிறிய 24 வோல்ட் பவர் சப்ளை, கூடவே ஒரு இன்டர்போசிங் ரிலே. பேனல்களுக்கு நடுவே போவது 24 வோல்ட் மட்டும். 230 வோல்ட் தன் பேனலை விட்டு வெளியே வரவே வராது. ஒரே கேபிளில் மீதி இரண்டு கோர்களில் 230 வோல்ட் சிக்னல் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் இன்சுலேஷன் பழுதானால் 24 வோல்ட் வயரிலும் 230 ஏறும். செலவைக் காரணம் காட்டி இந்தப் பேனலில் அதை அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வேலை முடிந்து சப்ளை கொடுக்கும் வரிசையிலும் இந்த டெர்மினல்களுக்கு ஓர் இடம் உண்டு. முதலில் ஒன்றாம் பேனலை மட்டும் ஆன் செய்து பம்பை ஓட்டிப் பார்த்து, அதை நிறுத்தி ஆஃப் செய்து பூட்டவேண்டும். இரண்டாம் பேனலின் கன்ட்ரோல் எம்சிபி பூட்டிலேயே இருக்கும்போது டிஸ்கனெக்ட் டெர்மினல்களை மூடவேண்டும். அதன் பிறகு கதவை அடைத்து, இரண்டு பேனலையும் ஆன் செய்து, தொட்டியில் மட்டம் குறைவாக இருக்கும்போது இரண்டாவதை ஆட்டோவில் வைத்து ஒன்றாம் பம்பை நிறுத்தினால் இரண்டாவது தானாக ஓடவேண்டும். ஓடாவிட்டால் முதலில் பார்க்கவேண்டிய இடம், மூட மறந்த டிஸ்கனெக்ட் கத்திதான்.